பேருந்து நிறுத்தத்தில் பாதியில் நின்ற கதை

ஆஸ்திரேலியாவில் ஒரு பேருந்து நிறுத்தம். நள்ளிரவு நெருங்கும் நேரம். அங்கே நின்றிருந்த ஒரு பெண்ணுடன் இளம் வயது ஹன்னா காட்ஸ்பி பேசிக்கொண்டிருக்கிறார். தலைமுடி குட்டை, உடையும் நிற்கும் விதமும் ஆணைப் போல. அந்தப் பெண்ணின் காதலன் பாய்ந்து வந்து காட்ஸ்பியைத் தள்ளுகிறான். யாரோ ஒருவன் தன் காதலியை மடக்கப் பார்க்கிறான் என்று அவனுக்குக் கோபம். தன்பாலீர்ப்பு ஆண்களைத் திட்டும் வசைச்சொல் ஒன்றையும் வீசுகிறான். காதலி குறுக்கே விழுந்து, இவர் பெண் என்று கத்துகிறாள். அவன் உடனே பின்வாங்கி மன்னிப்புக் கேட்கிறான். பெண்களை அடிக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று விளக்கமும் சொல்கிறான். காதலியிடம் வழிந்த தன்பாலீர்ப்பு ஆண் என்று நினைத்துவிட்டானாம். அவன் சொன்னதில் எத்தனை குழப்பம் என்று யோசிக்கும்போதே அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. அறியாமையில் இருப்பவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு தனக்கு உண்டு என்று தெரிந்தும், பாதுகாப்பு கருதி அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி காட்ஸ்பி முடிக்கிறார். பலத்த சிரிப்பு. அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

‘நானெட்’ என்ற நிகழ்ச்சியின் தொடக்கப் பகுதியில் வருகிற ஜோக் இது. மேடை நகைச்சுவைக் கலைஞரான காட்ஸ்பி 2017-இல் இந்த நிகழ்ச்சியை மேடையேற்றினார். மெல்போர்ன் நகைச்சுவை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த நிகழ்ச்சிக்கான பாரி விருது இதற்குக் கிடைத்தது. எடின்பரோவிலும் முதல் பரிசை இன்னொரு கலைஞரோடு பகிர்ந்துகொண்டது. சிட்னி ஓப்பரா ஹவுஸில் படமாக்கிய வடிவம் 2018 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி உலகம் முழுக்கப் போனது. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அந்த நிகழ்ச்சியில் இந்தப் பேருந்து நிறுத்த ஜோக் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மேடை நகைச்சுவைக்காரர்கள் கால்பேக் என்று சொல்லும் உத்தி எதுவரை போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

முதலில் கால்பேக் சாதாரணமாக எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். முன்னால் சொன்ன ஜோக்கின் ஒரு துணுக்கை, பார்வையாளர் அதை மறந்திருக்கும் நேரத்தில், வேறொரு ஜோக்குக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் அது. இதற்கென்றே ஒரு எடுத்துக்காட்டை இங்கே கட்டிப் பார்க்கிறேன். சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறார். வீட்டுக்காரர் தண்ணீர் விஷயத்தில் கறார். இவர் குழாயடியில் ஒவ்வொரு வாளி பிடிக்கும்போதும் மாடியிலிருந்து தலை மட்டும் நீண்டு ‘ஒண்ணு’, ‘ரெண்டு’, ‘மூணு’ என்று எண்ணும். குரல் மாறாது, முகம் மாறாது. கூட்டம் சிரிக்கிறது. அதோடு அந்த விஷயம் முடிந்தது. பிறகு இவர் அலுவலகம், கல்யாணம், மாமியார் வீடு என்று எங்கெங்கோ போகிறார். இருபது நிமிடம் கழித்து மழை வெள்ளக் கதை வருகிறது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, மனைவி கட்டில் மேல் நிற்கிறாள். இவர் வாளியை எடுத்து மொண்டு மொண்டு வெளியே கொட்டுகிறார். இருட்டில் மேலேயிருந்து ஒரு குரல் வருகிறது: ‘நாலு.’

அந்த ஒரே சொல்லுக்குத்தான் சிரிப்பு. அந்தச் சொல்லுக்குத் தனியாக எந்த வேடிக்கையும் கிடையாது. அரங்கில் அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர் எல்லோரையும் பார்த்து விழிப்பார். முதலிலிருந்து கேட்டவருக்கோ அந்தக் குரல் யாருடையது, மூன்றுக்கு அடுத்து ஏன் நாலு வந்தது, உள்ளே வரும் தண்ணீரை எண்ணிய மனிதர் வெளியே போகும் தண்ணீரையும் ஏன் எண்ணுகிறார் என்பதெல்லாம் நொடியில் பிடிபடுகிறது. இணைத்துப் பார்க்கிற வேலையைக் கேட்பவரே செய்திருக்கிறார். பேசுபவர் விட்டுவைத்த இடைவெளியைத் தானே நிரப்பிய மகிழ்ச்சி அவருக்கு. கவனமாகக் கேட்டதற்குக் கைமேல் கிடைத்த கூலி அது. இத்தகைய சிரிப்பை அரங்கில் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரே வீச்சில் எழாது. சட்டென்று பிடித்துக்கொண்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். அரை நொடி தாமதித்துப் பிடித்தவர்களின் சிரிப்பு அதன்மேல் ஏறும்.

இதைக் கெடுக்கச் சில வழிகள் உண்டு. ‘என் வீட்டுக்காரர் ஞாபகம் இருக்கா, தண்ணியை எண்ணுவாரே’ என்று நினைவூட்டிவிட்டால் கூலியைப் பேசுபவரே எடுத்துக்கொண்டார் என்று பொருள். கேட்பவருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. இருபது நிமிடத்துக்குப் பதில் இரண்டே நிமிடத்தில் ‘நாலு’ வந்தால், யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சொன்னதையே சொல்வதாகத்தான் இருக்கும். முதல் முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை என்றால், அந்த எண்ணிக்கை யாருடைய மனதிலும் தங்கியிருக்காது. திரும்ப வரும்போது பிடித்துக்கொள்ளக் கொழுகொம்பே இருக்காது. ஆகவே விதைக்கிற இடத்திலேயே அது முழுமையான ஜோக்காக இருந்தாக வேண்டும். பின்னால் பயன்படப்போகிற பொருள் என்ற வாடையே வரக்கூடாது. அனுபவமுள்ளவர்கள் தங்கள் செட்டின் கடைசி வரிக்குக் கால்பேக்கை வைத்துக்கொள்வதுண்டு. அது வரும்போது நிகழ்ச்சி முழுவதும் ஒரே கட்டுமானமாகத் தெரியும், கூட்டம் நிறைவோடு எழுந்து போகும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ‘நாலு’ புதுப் பொருளோடு வந்தாலும் பழைய ஜோக்குக்கு எந்தச் சேதமும் இல்லை. வீட்டுக்காரர் அதே வீட்டுக்காரர்தான். பெரும்பாலான கால்பேக்குகள் இப்படிப்பட்டவை. பழையதன்மேல் புதியது ஏறி உட்காரும். காட்ஸ்பி செய்தது வேறு. திரும்பி வந்த ஜோக் தன் முதல் வடிவத்தையே உடைத்தது.

அதற்கு அவர் அரங்கத்தைத் தயார்படுத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும். காட்ஸ்பி டாஸ்மேனியாவில் பிறந்து வளர்ந்தவர். அந்த மாநிலத்தில் ஆண்களுக்கு இடையிலான தன்பாலுறவு 1997 வரை சட்டப்படி குற்றம். அதைப் பற்றிய பொது விவாதம் சூடாக நடந்த ஆண்டுகளில்தான் அவர் பதின்ம வயதைக் கடந்தார். தான் யார் என்பதைக் குடும்பத்தாரிடம் சொன்ன கதையை ‘நானெட்’டின் நடுவே ஜோக்காகச் சொல்கிறார். அம்மாவிடம் சொன்னபோது, இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறாய், நான் ஒரு கொலைகாரி என்று உன்னிடம் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்கிற மாதிரி அம்மா கேட்டாராம். சிரிப்பு. பாட்டியிடம் சொல்லவே இல்லையாம். பாட்டி மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டு, சரியான ஆள் அடுத்த திருப்பத்திலேயே நிற்கலாம் என்று நம்பிக்கை ஊட்டியதிலிருந்து, தெருத் திருப்பங்களில் ஜாக்கிரதையாகவே நடக்கிறாராம். அதற்கும் சிரிப்பு.

பிறகு நகைச்சுவையின் இயந்திரத்தைத் திறந்து காட்டுகிறார். ஜோக்குக்கு இரண்டு பாகம் போதும் என்கிறார். முதல் பாகம் கேட்பவருக்குள் ஓர் இறுக்கத்தை உண்டாக்கும். இரண்டாம் பாகம் எதிர்பாராத ஒன்றைச் சொல்லி அந்த இறுக்கத்தை விடுவிக்கும். கதை அப்படியல்ல; அதற்குத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று வேண்டும். வாழ்க்கையில் நடந்ததை ஜோக்காக மாற்றும்போது முடிவை வெட்டிவிடுகிறோம்; சிரிப்பு எங்கே அதிகமோ அங்கே நிறுத்திவிடுகிறோம். அம்மா கதையின் நல்ல பகுதி அந்தக் கொலைகாரி வரிக்குப் பிறகுதான் வருகிறது. வருடங்கள் கழித்து அம்மா வருந்தினார். மற்றப் பெண்களைப் போலவே உன்னையும் நினைத்து வளர்த்துவிட்டேன், உலகம் மாறாது என்று தெரிந்ததால் நீ மாற வேண்டும் என்று விரும்பினேன் என்று மகளிடம் ஒப்புக்கொண்டார். இருவரும் இப்போது நெருக்கம். ஆனால் மேடையில் திரும்பத் திரும்பச் சொன்ன ஜோக், காட்ஸ்பியின் நினைவிலும் உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் மிக மோசமான கணத்தில் அந்த அனுபவம் உறைந்துபோயிற்று. பாட்டியிடம் சொல்லாமல் விட்டதற்கும் மறதி காரணமில்லை என்கிறார். உள்ளுக்குள் இன்னும் வெட்கம் இருக்கிறது.

உத்தியாகப் பார்த்தால் இந்த இடம் நுட்பமானது. அம்மாவும் பாட்டியும் கால்பேக்காகத்தான் திரும்பி வருகிறார்கள். முதலில் கேட்டுச் சிரித்த அதே கதைகள், இப்போது வேறு பொருளோடு. ஆனால் காட்ஸ்பி இங்கே இணைப்பைக் கேட்பவரிடம் விடவில்லை. தானே விளக்குகிறார். கால்பேக்கில் விளக்கம் கூடாது என்ற விதி தெரியாமல் இல்லை. அடுத்து வரப்போவதை அரங்கம் தானாகப் படிக்க வேண்டும் என்பதற்காக, எப்படிப் படிப்பது என்று முன்கூட்டியே கற்றுத் தருகிறார். இந்த ஒத்திகை முடிந்தபின் பார்வையாளர் எவரும் ஜோக்கை ஜோக்காக மட்டும் கேட்க முடியாது. வெட்டி எறிந்த மூன்றாம் பாகம் எங்கே என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தைப் பற்றி மட்டும் அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

நடுவில் ஓவிய வரலாறு வருகிறது. காட்ஸ்பி அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர். அதை மேடையில் ஆயுதமாகவே வைத்திருக்கிறார். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவதாக அவர் சொன்னதைக் கேட்ட ஒரு பார்வையாளர், நிகழ்ச்சி முடிந்து வந்து அறிவுரை சொன்னாராம். கலைஞர் உணர்ச்சியை மழுங்கடிக்கக் கூடாது, வான்கோ மருந்து சாப்பிட்டிருந்தால் நமக்கு அந்தச் சூரியகாந்திகள் கிடைத்திருக்குமா என்று. அதற்கு காட்ஸ்பியின் பதில் ஒரு சிறு விரிவுரை. வான்கோ மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்தான். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் காஷேவை அவர் வரைந்த ஓவியத்தில், மருத்துவர் அருகே ஃபாக்ஸ்குளோவ் செடி இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் மருந்து அளவு மீறினால் கண்ணுக்கு மஞ்சள் தூக்கலாகத் தெரியும். அப்படியானால் சூரியகாந்திகள் கிடைத்ததே மருந்தால்தானோ என்று திருப்பிக் கேட்கிறார். மருந்தையும் மஞ்சளையும் இணைப்பது மருத்துவ உலகில் ஓர் ஊகம் மட்டுமே. ஆனாலும் மேடையில் அது பிரமாதமான அடி. அரங்கம் கைதட்டுகிறது.

பிக்காசோவும் வருகிறார். நாற்பதைக் கடந்த, மணமான பிக்காசோ மேரி தெரேஸ் வால்டர் என்ற பெண்ணோடு உறவு வைத்தபோது அவளுக்கு வயது 17. இருவருமே வாழ்க்கையின் உச்சப் பருவத்தில் இருந்தார்கள் என்று அந்த உறவுக்கு அழகு பூசுகிற பேச்சை காட்ஸ்பி எடுத்துக் கிழிக்கிறார். பதினேழு வயதுப் பெண் எவளும் உச்சப் பருவத்தில் இருப்பதில்லை என்று அவர் கோபத்தோடு சொல்வதை அரங்கம் கேட்டுக்கொள்கிறது. ஓவியர்களைப் பற்றிய வாதமாகவே அப்போது அது காதில் விழுகிறது.

இறுதிப் பகுதி வருகிறது. என்னை அடிக்க வந்த அந்த இளைஞனின் கதை ஞாபகம் இருக்கிறதா என்று காட்ஸ்பி கேட்கிறார். வெளிப்படையாக நினைவூட்டுவது சாதாரணக் கால்பேக்கில் தப்பு என்றேன். இங்கே அதுதான் சரி. கேட்பவரின் கூலி இந்த முறை சிரிப்பாக இருக்கப்போவதில்லை. தான் எதற்குச் சிரித்தோம் என்று அவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் எல்லோரையும் சிரிக்க வைக்க முடிந்தது, ஏனென்றால் இறுக்கத்தை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அப்படிச் சமன் செய்வதற்காக உண்மையில் நடந்ததை என்னால் சொல்ல முடியவில்லை என்கிறார். பிறகு சொல்கிறார். அந்த இளைஞன் அத்தோடு போய்விடவில்லை. தன் தவறை உணர்ந்து திரும்பி வந்தான். எதிரே நிற்பவர் தன்பாலீர்ப்புப் பெண் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே அடிக்கலாம் என்று முடிவு செய்தான். அடித்தான். யாரும் தடுக்கவில்லை. காட்ஸ்பி போலீசுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. தன் மதிப்பு அவ்வளவுதான் என்று நம்பியிருந்தார்.

மூன்றாம் பாகம் வந்தேவிட்டது. முதல் முறை கேட்டபோது பஞ்ச்லைனாக இருந்த ஒவ்வொன்றும் இப்போது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பெண்களை அடிக்கமாட்டேன் என்ற அவனுடைய வாக்குறுதி அப்போது அவனுடைய அசட்டுத்தனத்துக்குச் சான்று. இப்போது அது பொய். குழப்பத்தில் இருந்த முட்டாள் என்று நாம் சிரித்தவன், குழப்பம் தீர்ந்தவுடன்தான் ஆபத்தானவன் ஆனான். அறியாமையிலேயே அவனை விட்டுவிட்டு வந்தேன் என்ற வரி எல்லாவற்றையும்விடக் கொடுமை. விட்டுவிட்டு வரும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், கூடுதலாக ஒரே ஓர் உண்மையைச் சேர்த்து, அரங்கம் சிரித்த சிரிப்பு முழுவதையும் அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் நகைச்சுவைக்காரர் இறுக்கத்தை விடுவிப்பார். காட்ஸ்பி விடுவிக்க மறுக்கிறார். இந்த இறுக்கம் இனி உங்களுடையது, நான் உதவப்போவதில்லை என்று அரங்கத்திடமே சொல்கிறார். அவரைப் போன்றவர்கள் நாள்தோறும் உள்ளே சுமக்கும் பாரத்தை, கேட்பவர்களும் கொஞ்ச நேரம் சுமக்கட்டும் என்பது அவர் கணக்கு.

அதே இறுதிப் பகுதியில், தனக்கு ஆண்களால் நேர்ந்தவற்றை அவர் சுருக்கமாக அடுக்கும்போது, அடி வாங்கிய வயது 17 என்று சொல்லி, பக்கத்திலேயே உச்சப் பருவம் என்ற சொல்லை வைக்கிறார். நின்று விளக்கவில்லை, குரலை ஏற்றவும் இல்லை. எடுத்துக்காட்டில் வந்த ‘நாலு’ போல, அவ்வளவு சின்னக் கால்பேக். பிக்காசோவைப் பற்றிய அந்த நீண்ட கோபம் ஓவிய வரலாற்றைப் பற்றியது மட்டுமில்லை என்பது அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடுகிறது. மேரி தெரேஸுக்காக வாதாடியவர் தன் பதினேழு வயதுக்காகவும்தான் வாதாடிக்கொண்டிருந்தார். நான் முதல் முறை பார்த்தபோது பேருந்து நிறுத்தம் திரும்பியதில் அதிர்ந்தேன். மறுமுறை பார்த்தபோதுதான் இந்தச் சொல் காதில் விழுந்தது. ‘நானெட்’டின் மிகச் சிறந்த எழுத்து எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சூரியகாந்தியும் திரும்ப வருகிறது. வான்கோ துன்பப்பட்டதால் நமக்கு அந்த ஓவியங்கள் கிடைக்கவில்லை, அவரை நேசித்த தம்பி ஒருவர் இருந்ததால் கிடைத்தன என்கிறார் காட்ஸ்பி. தியோ வான்கோ அண்ணனுக்குப் பணமும் கடிதமும் தொடர்ந்து அனுப்பியவர் என்பது வரலாறு. முதல் முறை வந்தபோது சூரியகாந்தி ஒரு அதிகப்பிரசங்கியை மடக்கும் பதிலடி. இரண்டாம் முறை அது வேண்டுகோள். தன் கதையைத் தனியாகச் சுமக்க முடியாது, கேட்டவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள உதவ வேண்டும் என்று கேட்கிறார். பேருந்து நிறுத்தம் அரங்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டதை, சூரியகாந்தி கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. இந்த இரண்டும் இதே வரிசையில் வராமல் மாறி வந்திருந்தால் நிகழ்ச்சி தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். பூவை முதலில் கொடுத்துவிட்டு அடியைக் கடைசியில் வைத்திருந்தால், மக்கள் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் எல்லையும் உண்டு. ‘நானெட்’ வந்தபின், இது நகைச்சுவையே இல்லை, உரை என்று சிலர் வாதிட்டார்கள். கடைசிப் பகுதியில் சிரிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் அந்தப் பேருந்து நிறுத்தக் கதைக்கு நிஜமான, வயிறு குலுங்கும் சிரிப்பு கிடைத்திருக்காவிட்டால் முடிவுக்கு எந்த வலுவும் இருந்திருக்காது. திரும்ப எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இருந்திருக்காது. தரமான ஜோக்கை எழுதத் தெரிந்தவரால் மட்டுமே அதை இப்படி உடைக்க முடியும். அதே காரணத்தால் இந்த உத்தியை ஒருவர் வாழ்நாளில் அடிக்கடி செய்யவும் முடியாது. பார்வையாளர் ஒருமுறை இப்படி ஏமாந்துவிட்டால், அதே கலைஞரின் அடுத்த நிகழ்ச்சியில் சிரிக்கும்போதே பின்னால் என்ன வருமோ என்று தயங்குவார்; அந்தத் தயக்கம் முதல் சிரிப்பையே குறைத்துவிடும்.

நகைச்சுவையை விட்டுவிடப் போவதாக காட்ஸ்பி ‘நானெட்’ மேடையிலேயே சொன்னார். விடவில்லை. அடுத்த நிகழ்ச்சியான ‘டக்ளஸ்’ 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் முற்றிலும் எதிர்த்திசையில் போய், இந்த நிகழ்ச்சியில் எதற்குப் பின் எது வரும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டுத் தொடங்கினார். ‘நானெட்’டுக்கு 2019-இல் எம்மி விருது கிடைத்தது; அது எழுத்துக்கான விருது.